வினாத்தாள் மெய்ப்பு பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்புதல் தேர்வு, அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் வினாத்தாள் மெய்ப்பு என் மேசைக்கு வந்துவிடும். கூடவே அதே சந்தேகங்களும் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை என்பதால் எழுதி வைக்கிறேன்.

உதாரணங்களுக்குத் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் தாளின் அமைப்பை எடுத்துக்கொண்டேன். எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண். பகுதி 1-இல் ஒரு மதிப்பெண் வினாக்கள் 12, எல்லாம் எழுத வேண்டும். பகுதி 2-இல் இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்தில் ஏழு. பகுதி 3-இல் நான்கு மதிப்பெண் வினாக்கள் பத்தில் ஏழு. பகுதி 4-இல் ஏழு மதிப்பெண் வினாக்கள் மூன்று, ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு. வினா எண் 22, 32 இரண்டும் கட்டாயம். வேறு பாடம், வேறு வகுப்பு என்றால் எண்கள்தான் மாறும், பார்க்கும் முறை இதேதான்.

எங்கிருந்து ஆரம்பிக்கணும்? முதல் கேள்வியிலிருந்து வரிசையாப் படிச்சுட்டுப் போனா ஆகாதா?

ஆகாது. வரிசையாகப் படிக்கும்போது மூன்றாவது கேள்வியிலேயே மனசு பாடத்துக்குள் போய்விடும். 'இந்தக் கேள்வி நல்லா இருக்கே', 'இது புத்தகத்தில் எந்தப் பக்கம்' என்று ஓட ஆரம்பித்தால் 17-க்கு அப்புறம் 19 வந்தது கண்ணில் படாது.

மூன்று தடவையாகப் பாருங்கள். முதல் தடவை எண்கள் மட்டும், கேள்வியைப் படிக்கவே வேண்டாம். இரண்டாம் தடவை மதிப்பெண்களும் பகுதித் தலைப்பில் உள்ள குறிப்புகளும். மூன்றாம் தடவைதான் வாசகம். எண் தவறாக இருந்தால் குறிப்பு தவறும், குறிப்பு தவறினால் மதிப்பெண் தவறும். அதனால்தான் இந்த வரிசை. வாசகத்தை முதலில் திருத்திவிட்டு, அப்புறம் எண்ணை மாற்றப் போய் எல்லாவற்றையும் இரண்டாம் முறை பார்க்க வேண்டி வந்தவர்கள் நிறைய.

எண் விட்டுப்போனதை எப்படிச் சுலபமாப் பிடிக்கிறது?

ஒவ்வொரு பகுதியிலும் கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்து ஒன்று கூட்டுங்கள். பகுதி 2 பதின்மூன்றில் தொடங்கி 22-இல் முடிகிறது. 22 − 13 + 1 = 10. அடுத்து, எண்களைப் பார்க்காமல் கேள்விகளைப் பென்சிலால் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து எண்ணுங்கள். அதுவும் பத்து வர வேண்டும். ஒன்று எண்களின் கணக்கு, இன்னொன்று கேள்விகளின் கணக்கு. இரண்டும் ஒத்துப்போனால் எண் விடுபடவும் இல்லை, இரட்டிக்கவும் இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். 'பெரும்பாலும்' என்று சொல்லக் காரணம் உண்டு. ஒரே பகுதிக்குள் 16 இரண்டு முறை வந்து 19 விடுபட்டிருந்தால் கணக்கு சரியாகவே வரும். அதனால் புள்ளி வைக்கும்போதே எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போவது நல்லது.

பகுதிகளுக்கு இடையே உள்ள தொடர்ச்சியையும் பாருங்கள். பகுதிகள் தொடங்கும் எண்கள் 1, 13, 23, 33. ஒரு பகுதியின் தொடக்க எண்ணோடு அதில் உள்ள கேள்விகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் அடுத்த பகுதியின் தொடக்கம் கிடைக்க வேண்டும். கடைசி எண் 35. எண் பிழைகளில் பாதி பக்கம் மாறும் இடத்திலும் பகுதி மாறும் இடத்திலும்தான் இருக்கும் என்பது என் அனுபவம். அந்த இரண்டு இடங்களில் கொஞ்சம் நின்று பாருங்கள்.

ஒரு எண் விட்டுப்போனா என்ன பெரிய நஷ்டம்? பிள்ளைங்க புரிஞ்சுக்குவாங்களே.

எண் விட்டுப்போவதில் இரண்டு வகை உண்டு. இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், ஆனால் விளைவு வேறு.

பகுதி 2-இல் 16-க்கு அடுத்து 18 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பகுதி 22-இல் முடிந்தால், உள்ளே ஒன்பது கேள்விகள்தான் இருக்கின்றன. ஒரு கேள்வியே தட்டச்சில் காணாமல் போயிருக்கிறது. மாணவருக்குப் பத்தில் ஏழு என்ற வாய்ப்பு ஒன்பதில் ஏழு ஆகிவிட்டது. மூலக் கையெழுத்துப் பிரதியை எடுத்து விடுபட்ட கேள்வியைச் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது வகை இதைவிட மோசம். பத்துக் கேள்விகளும் இருக்கின்றன, 17 என்ற எண் மட்டும் இல்லை. அப்போது பகுதி 23-இல் முடியும். கட்டாய வினாவாகக் கடைசியில் வைத்த கணக்கு இப்போது 23-ஆவது எண்ணில் நிற்கிறது. மேலே குறிப்பிலோ 'வினா எண் 22 கட்டாயம்' என்றே அச்சாகியிருக்கும். ஆக, விருப்ப வினாவாக வைத்த ஒன்று கட்டாயமாகிவிட்டது, கட்டாயமாக வைத்த கணக்கு விருப்பமாகிவிட்டது. போதாக்குறைக்குப் பகுதி 3-இன் எண்ணைக் கையால் போட்டிருந்தால் அதுவும் 23-இல்தான் தொடங்கும். தாளில் இரண்டு 23. 'வினா 23' என்று எழுதியிருக்கும் விடைக்கு இரண்டு மதிப்பெண்ணா நான்கா என்று விடைத்தாள் திருத்துகிறவர் ஒவ்வொரு முறையும் விடையைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எல்லா மார்க்கையும் கூட்டினா 114 வருது. கேள்வித்தாள் தப்பா?

தப்பில்லை, சரியான 114 அது. அச்சாகியிருக்கும் எல்லாக் கேள்விகளையும் கூட்டியிருக்கிறீர்கள். 12, பத்து இரண்டு 20, பத்து நான்கு 40, 'அல்லது' இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு ஏழு 42. மொத்தம் 114.

தாளின் முகப்பில் போடுவது மாணவர் அதிகபட்சம் எடுக்கக்கூடியதை. அது 12 + 14 + 28 + 21 = 75. மெய்ப்பு பார்ப்பவர் இரண்டு கூட்டலையும் செய்வது நல்லது. 75 சரியாக வந்து 114 வரவில்லை என்றால், எங்கோ ஒரு விருப்ப வினா விடுபட்டிருக்கிறது, அல்லது ஒரு கேள்விக்கு எதிரே வேறு மதிப்பெண் அச்சாகியிருக்கிறது என்று பொருள். தலைப்பில் உள்ள '7 × 2 = 14' என்பதை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள். அந்தத் தலைப்பைப் போன வருடத் தாளிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருப்பார்கள், அது எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

மொத்தம் சரியா வந்தும் மார்க் தப்பா இருக்க முடியுமா?

தாராளமாக. பகுதி 4-இல் 33-ஆவது வினாவின் (அ)வில் மூன்று உட்பிரிவு, மதிப்பெண் 3, 3, 2. கூட்டினால் 8. 34-ஆவது வினாவின் (அ)வில் 2, 2, 2. கூட்டினால் 6. 35-இல் ஏழு. மூன்றையும் சேர்த்தால் 21, பகுதியின் மொத்தம் கச்சிதம். இரண்டு பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டுவிட்டன.

ஆனால் எல்லா மாணவரும் (அ)வை எழுதப்போவதில்லை. 33-இல் (அ), 34-இல் (ஆ) எழுதியவருக்கு 8 + 7 + 7 = 22, அதாவது மொத்தம் 76. 33-இல் (ஆ), 34-இல் (அ) எழுதியவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் 74-ஐத் தாண்ட முடியாது. அதனால் 'அல்லது' இருக்கும் இடத்தில் பகுதி மொத்தத்தைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் தனியாகக் கூட்டி, ஓரத்தில் 7 என்று எழுதிக்கொண்டே போங்கள். ஆறு தடவை 7 எழுதியிருக்க வேண்டும்.

நான்கு மதிப்பெண் வினாவில் இன்னொரு சிக்கல். மூன்று உட்பிரிவு கொடுத்துவிட்டு எதிரே 4 என்று மட்டும் போட்டிருப்பார்கள். நாலை மூன்றாக எப்படிப் பிரிப்பது? ஒருவர் 1, 1, 2 என்பார், இன்னொருவர் 2, 1, 1 என்பார். உட்பிரிவு இருந்தால் அதனதன் எதிரில் மதிப்பெண்ணைப் போட்டே ஆக வேண்டும்.

'எவையேனும் ஏழு', 'கட்டாய வினா' — இதுல என்ன குழப்பம் வரப்போகுது?

'எவையேனும் ஏழு வினாக்களுக்கு விடையளிக்கவும். வினா எண் 22-க்குக் கண்டிப்பாக விடையளிக்கவும்.' இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். 22-உம் அந்த ஏழில் ஒன்று என்பது ஒன்று. ஏழு எழுதிவிட்டு, அதற்கு மேல் 22-ஐயும் எழுத வேண்டும் என்பது இன்னொன்று. பக்கத்திலேயே 7 × 2 = 14 என்று இருப்பதால் முதல் பொருள்தான் சரி என்று நமக்குத் தெரியும். தேர்வு அறையில் பதற்றத்தில் இருக்கும் பிள்ளை அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காது. எட்டு எழுதி நேரத்தை விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

'வினா எண் 22 உட்பட ஏழு வினாக்களுக்கு விடையளிக்கவும்' என்று ஒரே வாக்கியமாக்கினால் தீர்ந்தது. பொதுத்தேர்வுத் தாளின் வாசகத்தை மாற்றக் கூடாது என்று உங்கள் பள்ளியில் பிடிவாதமாக இருந்தால், இரண்டு வாக்கியத்தையும் அப்படியே வைத்துவிட்டு வகுப்பில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வாசகம் இரண்டு அர்த்தம் தருதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எனக்குப் படிச்சாத் தெளிவாத்தான் இருக்கு.

கேள்வியைப் படிக்கும்போதே உங்களுக்கு விடை தெரிந்துவிடுகிறது. அந்த விடை கேள்விக்கு வெளிச்சம் போட்டுவிடுகிறது. அதனால் தெளிவாகத் தெரிகிறது. விடைக்குறிப்பை மூடி வைத்துவிட்டு, 'இந்த வாக்கியத்துக்கு வேறு ஒரு விடையும் சரி என்று என்னால் வாதாட முடியுமா' என்று வக்கீல் மாதிரி பாருங்கள்.

ஒரு உதாரணம். சரியா தவறா என்று கேட்கும் வினா: 'எல்லா உலோகங்களும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிடுவதில்லை.' ஒரு பிள்ளை இதை 'எல்லாமே வெளியிடும் என்று சொல்ல முடியாது, சில வெளியிடாது' என்று படிக்கும். தாமிரம் வெளியிடாது, ஆகவே 'சரி' என்று எழுதும். இன்னொரு பிள்ளை 'எதுவுமே வெளியிடாது' என்று படிக்கும். துத்தநாகம் வெளியிடுகிறதே, ஆகவே 'தவறு' என்று எழுதும். இரண்டு பேருக்கும் பாடம் தெரியும். தமிழில் 'எல்லா' முன்னாலும் 'இல்லை' பின்னாலும் வரும் வாக்கியம் எதுவானாலும் இப்படித்தான் இரண்டு பக்கமும் சாயும். 'எந்த உலோகமும் வெளியிடாது' என்றோ 'சில உலோகங்கள் வெளியிடாது' என்றோ மாற்றிவிடுங்கள். 'வராத நோய் அல்லாதது எது' என்பது போன்ற இரட்டை எதிர்மறையையும் இதே கையோடு வெட்டிவிடலாம். அது அறிவியலைச் சோதிப்பதில்லை.

'அதன்', 'இதன்' எல்லாம் எழுதவே கூடாதுங்கறீங்களா?

முன்னால் ஒரே ஒரு பெயர்ச்சொல் இருந்தால் எழுதலாம். இரண்டு இருந்தால் கூடாது. 'தாமிர சல்பேட் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் அதன் நிறம் எவ்வாறு மாறும்?' கரைசலைச் சொன்னால் நீலம் வெளிர் பச்சையாகும். ஆணியைச் சொன்னால் மேலே செம்பழுப்பு நிறத்தில் தாமிரம் படியும். இரண்டும் உண்மை. விடைக்குறிப்பில் ஒன்றுதான் இருக்கும், மற்றதை எழுதிய பிள்ளைக்குப் பூஜ்ஜியம்.

'கரைசலின் நிறம்' என்று பெயரைத் திரும்பவும் எழுதுங்கள். ஒரே சொல் இரண்டு முறை வருவது கட்டுரையில் அழகில்லாமல் இருக்கலாம், வினாத்தாளில் அது குறையே இல்லை.

'வேறுபடுத்துக'ன்னு மட்டும் கேட்டாத் தப்பா?

தப்பில்லை, எத்தனை வேறுபாடு என்பதைச் சொல்லாததுதான் தப்பு. 'நிறை, எடை – வேறுபடுத்துக' என்று நான்கு மதிப்பெண்ணுக்குக் கேட்டால் ஒருவர் இரண்டு எழுதி நிறுத்துவார், ஒருவர் ஆறு எழுதுவார். 'ஏதேனும் நான்கு வேறுபாடுகள் எழுதுக' என்றால் எழுதுகிறவருக்கும் தெரியும், திருத்துகிறவருக்கும் தெரியும்.

எண்ணிக்கை சொல்லியும் குழம்புவதுண்டு. 'சைலம், புளோயம் ஆகியவற்றின் பணிகள் இரண்டு எழுதுக.' ஆளுக்கு ஒன்றா, ஆளுக்கு இரண்டா? இரண்டு மதிப்பெண் வினா என்றால் ஆளுக்கு ஒன்று என்று ஊகிக்கலாம். நான்கு மதிப்பெண் என்றால் ஆளுக்கு இரண்டு. ஊகிக்க விடுவானேன்? 'ஒவ்வொன்றுக்கும் ஒரு பணி' என்று போட்டுவிடுங்கள். கேட்ட எண்ணிக்கையும் மதிப்பெண்ணும் ஒன்றோடொன்று வகுபடுகிறதா என்றும் பாருங்கள். நான்கு மதிப்பெண்ணுக்கு மூன்று காரணம் கேட்டால் முந்தைய நாலை மூன்றாகப் பிரிக்கும் தலைவலி திரும்ப வரும்.

ஒரு மார்க் கேள்வியில ரெண்டு ஆப்ஷன் சரியா வந்துடுது. மெய்ப்புலயே பிடிக்க முடியாதா?

முடியும். சரியான விடையைக் கண்டதும் அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். மீதி மூன்றும் ஏன் தவறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி காரணம் சொல்லிப் பாருங்கள். காரணம் வராத இடத்தில் பிழை இருக்கிறது. 'நீரில் கரைந்து மின்சாரத்தைக் கடத்துவது எது? அ) சர்க்கரை ஆ) சாதாரண உப்பு இ) அசிட்டிக் அமிலம் ஈ) மண்ணெண்ணெய்.' கேள்வி எடுத்தவர் மனசில் உப்பு. ஆனால் அசிட்டிக் அமிலமும் நீரில் ஓரளவு அயனியாகிறது, குறைவாகவாவது கடத்துகிறது. 'நன்கு கடத்துவது' என்று மாற்றினாலும் வாதம் முழுசாக ஓயாது. அமிலத்தை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுவதே உத்தமம்.

இன்னொன்று, பார்த்து எழுதாமல் இருக்க இரண்டு செட் போடும் பள்ளிகளுக்கு. முதல் செட்டில் 'ஈ) அ மற்றும் ஆ' என்று ஒரு விடை இருக்கும். இரண்டாம் செட்டில் விடைகளின் வரிசையைக் கலைத்தால், 'அ மற்றும் ஆ' என்பது (அ)வாகவே வந்து உட்கார்ந்திருக்கும். வரிசை கலைக்கப்போகும் தாளில் எழுத்தைச் சுட்டும் விடையே வைக்காதீர்கள். ஒவ்வொரு செட்டுக்கும் விடைக்குறிப்பைத் தனியாக எழுதுங்கள், முதல் செட்டிலிருந்து நகலெடுக்க வேண்டாம்.

கணக்குல வாசகப் பிழை எங்கிருந்து வரும்? எண்தானே இருக்கு.

விடுபட்ட தகவலாக வரும். '10 Ω, 15 Ω மின்தடைகள் ஒரு மின்சுற்றில் இணைக்கப்பட்டுள்ளன. தொகுபயன் மின்தடையைக் காண்க.' தொடரிணைப்பு என்றால் 25 Ω. பக்க இணைப்பு என்றால் 150-ஐ 25-ஆல் வகுத்து 6 Ω. கேள்வியில் எந்த இணைப்பு என்றே இல்லை. படிக்கும்போது இது தெரியாது, தாளில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதனால் கணக்கு ஒவ்வொன்றையும், கொடுத்த தகவலை மட்டும் வைத்துக்கொண்டு, முழுதாகப் போட்டுப் பாருங்கள்.

மாறிலியும் அப்படித்தான். 5 கிகி நிறையுள்ள பொருளின் எடையைக் கேட்டால், புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8 என்று எடுத்தவருக்கு 49 நியூட்டன், 10 என்று எடுத்தவருக்கு 50 நியூட்டன். நான்கு மதிப்பெண் கணக்கில் வழிமுறைக்கு மதிப்பெண் போட்டுச் சமாளிக்கலாம். ஒரு மதிப்பெண் வினாவில் இரண்டு எண்ணும் விடைகளில் இருந்தால் சமாளிக்க வழியில்லை. மதிப்பைக் கேள்வியிலேயே கொடுத்துவிடுங்கள். அணு நிறைக்கும் இதே விதி.

தமிழ் வழி, ஆங்கில வழி ரெண்டுக்கும் ஒரே தாள். ஒண்ணைப் பார்த்தாப் போதாதா?

இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தாலே போதாது, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன மின்தடைக் கணக்கில் ஆங்கிலப் பகுதியில் பக்க இணைப்பு என்பது இருந்து, தமிழில் அந்தச் சொல் மட்டும் விடுபட்டிருக்கலாம். தமிழ் வழிப் பிள்ளை 25 எழுதும், ஆங்கில வழிப் பிள்ளை 6 எழுதும்.

ஒருவர் ஆங்கிலத்தை வாய்விட்டு வாசிக்க, இன்னொருவர் தமிழில் விரல் வைத்துப் பின்தொடர்வது நல்ல முறை. எண், அலகு, 'இல்லை', 'மட்டும்', 'ஏதேனும்' ஆகியவை இரண்டிலும் இருக்கின்றனவா என்பதே முக்கியம். நடை அழகை அப்போது பார்க்காதீர்கள்.

டிடிபி எடுக்கிறவர் நான் குறிச்சதை எல்லாம் திருத்திட்டார். மறுபடி முழுசும் பார்க்கணுமா?

வாசகத்தை முழுசும் பார்க்க வேண்டாம், திருத்திய இடத்தையும் அதன் முன்பின் கேள்விகளையும் பார்த்தால் போதும். ஆனால் எண்ணையும் மதிப்பெண்ணையும் முதலிலிருந்து பார்த்தே ஆக வேண்டும். விடுபட்ட ஒரு கேள்வியைச் சேர்த்ததும் தானாக எண் போடும் வசதி கீழே உள்ள எல்லா எண்ணையும் தள்ளிவிடும். 'வினா எண் 22' என்று கையால் தட்டச்சு செய்த குறிப்பு மட்டும் நகராது. சேர்த்த வரியால் பக்கம் தள்ளிப்போய், '(அல்லது)' என்ற சொல் முன் பக்கத்தின் அடியில் தனியாக மாட்டிக்கொண்டால், (அ), (ஆ) இரண்டையும் எழுத வேண்டும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு பத்தியை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை மாற்றினால் நடுவில் இருக்கும் H₂O 'ர்2ழு' ஆகிவிடும். அது கண்ணில் குத்தும், பிடித்துவிடலாம். கீழெழுத்து மேலேறி H2O என்றாவதும், 10²-இல் உள்ள 2 கீழிறங்கி 102 ஆவதும்தான் நழுவும். 102 என்பது பார்ப்பதற்கு ஒரு ஒழுங்கான எண்ணாகவே இருக்கும். வாய்ப்பாடும் அடுக்கும் உள்ள வரிகளைக் கடைசியில் அச்சடித்த தாளில்தான் பார்க்க வேண்டும், திரையில் அல்ல.

கேள்வி எடுத்தவரே மெய்ப்பு பார்க்கலாமா? வேற ஆள் கிடைக்கல.

எண்ணும் மதிப்பெண்ணும் அவரே பார்க்கலாம், ஓரிரு நாள் தள்ளி. வாசகத்துக்கு வேறு கண் வேண்டும். அதே பாடம் நடத்தும் இன்னொருவரிடம் விடைக்குறிப்பு இல்லாமல் தாளைக் கொடுத்து, விடைகளைச் சுருக்கமாக எழுதச் சொல்லுங்கள். அப்புறம் அவர் எழுதியதை உங்கள் விடைக்குறிப்போடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறுபடும் இடத்தில் அவருக்குப் பாடம் தெரியவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், கேள்வியை இன்னொரு முறை படியுங்கள்.

அதே பாடத்துக்கு வேறு ஆசிரியர் இல்லாத சின்னப் பள்ளி என்றால் தமிழாசிரியரிடம் கொடுங்கள். விடை தெரியாது என்பதே அவருக்குச் சாதகம், 'அதன்' எதைக் குறிக்கிறது என்று அவர் நேரடியாகக் கேட்பார். தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பவே அனுப்பாதீர்கள், நேரில் கொடுத்து நேரில் வாங்கிக் கிழித்துப் போடுங்கள்.

அச்சடிச்சு முடிச்ச பிறகு பிழை தெரிஞ்சா என்ன செய்யறது?

எண், மதிப்பெண், கட்டாய வினாக் குறிப்பு ஆகியவற்றில் பிழை என்றால், திருத்தத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி எல்லா அறைக்கும் கொடுத்து, எழுதத் தொடங்குவதற்கு முன்பே கரும்பலகையில் எழுத வைக்கலாம். ஒரே வாசகம் எல்லா அறையிலும் போக வேண்டும். அறைக் கண்காணிப்பாளர் தன் பாணியில் விளக்கினால் அறைக்கு ஒரு கேள்வித்தாள் ஆகிவிடும்.

பாதித் தேர்வில் தெரிந்தால் நிலைமை வேறு. பல பேர் அந்தக் கேள்வியை எழுதி முடித்திருப்பார்கள். அப்போது கேள்வியைத் திருத்தாமல், அதை மதிப்பிடும் முறையைத் திருத்துவதே நியாயம் என்று நான் நினைக்கிறேன்.

பேப்பர் திருத்தும்போதுதான் தெரியுது. யாருக்கு எவ்வளவு மார்க் போடறது?

முதல் கட்டைத் தொடுவதற்கு முன்பே முடிவு செய்து விடைக்குறிப்பில் எழுதுங்கள். இரண்டு பொருள் தரும் வாசகம் என்றால் இரண்டு விடைக்கும் முழு மதிப்பெண். ஆணியும் சரி, கரைசலும் சரி. தகவல் விடுபட்ட கணக்கு என்றால், எழுத முயன்ற எல்லாருக்கும் முழு மதிப்பெண். வினா எண்ணை எழுதி ஒரு வரியாவது முயன்றிருந்தால் அது முயற்சி என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எண்ணை மட்டும் எழுதியவருக்கு உண்டா இல்லையா என்று மேசைக்கு மேசை மாறும்.

கட்டாய வினா எண் தள்ளிப்போன தாளில், 22-ஐ எழுதியவரையும் 23-ஐ எழுதியவரையும் கட்டாய வினாவை எழுதியவராகவே கொள்ளுங்கள். இரண்டையும் விட்டவருக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். அவர் அச்சான குறிப்பையும் பின்பற்றவில்லை. நன்றாக எழுதிய ஆறு வினாக்களுக்கு மட்டும், 12-க்கு மேல் போகாமல் மதிப்பெண் போடலாம். மொத்தம் 76 வரும் பிழை இருந்தால், 8 மதிப்பெண் என்று அச்சான அந்த ஒரு வினாவை 7-க்கு மதிப்பிடாதீர்கள். 8 என்று நம்பி எழுதிய பிள்ளைக்கு உட்பிரிவில் எந்த மதிப்பெண்ணைக் குறைத்தீர்கள் என்று காட்ட வேண்டியிருக்கும். அதற்குப் பதில் 8-ஐயே கொடுத்துவிட்டு, மொத்தம் 75-ஐத் தாண்டினால் 75 என்று நிறுத்திக்கொள்வது எளிது. 6 மதிப்பெண் அச்சான பக்கத்தை எழுதியவர்களுக்கு ஏழுக்கு விகிதமாக உயர்த்திக் கொடுங்கள், 6 எடுத்தவருக்கு 7.